சேலத்துக் கல்லில் கார்னெட் இருந்தால் அதை எப்படிப் படிப்பது?

கஞ்சமலையின் அடிவாரத்தில் கருப்பான ஒரு கல்லை உடைத்தால், அதற்குள் சிவப்புக் கார்னெட் மணிகள் தெரியக்கூடும். அதே கல்லின் வெடிப்புகளில் பச்சையாக, நகத்தால் கீறினாலே பொடியாகும் குளோரைட் படலமும் இருக்கும். பாடப்புத்தகத்தைத் திறந்தால், வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை வேறு பாறையாகும் உருமாற்றத்தில் குளோரைட் குறைந்த தரத்தின் அடையாளம், கார்னெட் நடுத்தரத்தின் அடையாளம் என்று போட்டிருக்கும். அப்படியானால் இந்தக் கல் குறைந்த தரமா, நடுத்தரமா? இரண்டும் இல்லை. அது மிக உயர்ந்த தரத்தில் உருவான கல். சேலம், சேர்வராயன் மலை வட்டாரத்தில் இப்படித் தரத்தைக் காட்டும் சுட்டுக் கனிமங்களைப் பெயரை மட்டும் வைத்துப் படித்தால் பெரும்பாலும் தவறான விடைதான் வரும். ஏன் அப்படி, சரியாகப் படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாடப்புத்தக வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மலைநாட்டில் நிலவியல் அளவைப் பணியில் இருந்த ஜார்ஜ் பாரோ 1893-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிளென் குளோவா பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பாறைகள் ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்தவை. அவற்றில் நடந்துகொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய கனிமம் தலைகாட்டுவதை அவர் கவனித்து வரைபடத்தில் குறித்தார். பிற்பாடு 1920-களில் சிசில் டில்லி அந்த வேலையை விரிவாக்கினார். இன்று நாம் படிக்கும் வரிசை அப்படி முழுமையானது: குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சிலிமனைட். ஒரு கனிமம் முதன்முதலில் தோன்றும் இடங்களை இணைத்துப் போடும் கோட்டுக்குச் சமதரக் கோடு என்று பெயர்.

இந்த வரிசையின் உள்ளே ஓடுவது தண்ணீரின் கதை. சேறு இறுகி உருவான பாறையில் களிமண் கனிமங்கள் நிறைய நீரைத் தம் படிகத்துக்குள்ளேயே பிணைத்து வைத்திருக்கும். குளோரைட்டின் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர்தான். காக்காப்பொன் வகைகளான மஸ்கோவைட்டிலும் பயோடைட்டிலும் அது சுமார் 4 விழுக்காடு. கார்னெட்டிலும் சிலிமனைட்டிலும் நீர் கிடையாது. சூடு ஏற ஏற, நீர் அதிகமுள்ள கனிமங்கள் சிதைந்து நீர் குறைந்தவையாக மாறுகின்றன. குளோரைட்டும் மஸ்கோவைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து வினைபுரிந்து கார்னெட்டையும் பயோடைட்டையும் தருகின்றன. மிச்சமாகும் நீர் வெளியேறுகிறது. இன்னும் சூடேறினால் மஸ்கோவைட்டும் குவார்ட்ஸும் கலந்து சிலிமனைட்டும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் ஆகின்றன. அங்கேயும் நீர் போய்விடுகிறது.

போன நீர் திரும்பி வராததால்தான் இந்த முறையே செல்லுபடியாகிறது. பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறிக்கொண்டேதான் மேலே வருகிறது. ஆறும்போது எல்லா வினைகளும் பின்னோக்கி நடந்திருந்தால் கார்னெட்டெல்லாம் மறுபடி குளோரைட்டாகி, நம் கைக்கு எந்தச் சான்றும் கிடைத்திருக்காது. குளோரைட் உருவாக நீர் வேண்டும். அந்த நீர் எப்போதோ மேலே ஏறிப் போய்விட்டது. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியை வாயிலிருந்து எடுத்த பிறகும் அது ஏறின இடத்திலேயே நிற்கிறதே, அதுபோல வறண்ட பாறை தான் கண்ட உச்ச வெப்பத்தின் கனிமங்களோடு அப்படியே நின்றுவிடுகிறது.

பாரோ சொன்ன வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. சேலத்தில் நின்று பேசும்போது அதை மறக்கவே கூடாது. அந்த வரிசை சேற்றுப் பாறைக்கு மட்டும்தான். சேற்றில் அலுமினியம் மிகுதி. ஸ்டாரோலைட், கயனைட், சிலிமனைட் எல்லாம் அந்த மிகுதியான அலுமினியத்தில் பிறப்பவை. எரிமலைக் குழம்பிலிருந்து வந்த பசால்ட்டை எவ்வளவு சுட்டாலும் சிலிமனைட் வராது. சுண்ணாம்புக்கல்லில் வராது. மணற்பாறையோ எத்தனை டிகிரிக்குப் போனாலும் வெறும் வெங்கச்சங்கல்லாகத்தான் இருக்கும். அதில் தரத்தைப் படிக்க ஒன்றுமே இல்லை. ஆகவே கல்லைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டியது “இதில் என்ன கனிமம்?” என்பதல்ல, “இது முன்பு என்னவாக இருந்தது?” என்பதே.

சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னகைட். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் மலையை வெட்டிய முகப்புகளில் அதைப் பார்க்கலாம். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு பழுப்பாக, வெளிறிப்போய் இருக்கும். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சுத்தியலால் உடைத்த புது முகம்தான் உண்மையான நிறத்தைக் காட்டும்: எண்ணெய் தடவினதுபோல் மினுங்கும் கரும்பச்சை. ஃபெல்ட்ஸ்பாரே பச்சை சாயலில் இருக்கும், குவார்ட்ஸ் பல இடங்களில் நீலம் கலந்திருக்கும். கல் உடைக்கும் குவாரிகளில் இதுவும் கருங்கல் என்றே போகிறது. இந்த வகைப் பாறையைத் தனியாக அடையாளம் கண்டு பெயரிட்டவர் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகைக் கல்லை ஆராய்ந்து அவர் அந்தப் பெயரைக் கொடுத்ததும், பாரோ கட்டுரை எழுதிய அதே 1893-இல்தான்.

சார்னகைட் சேற்றுப் பாறை அல்ல. கிரானைட்டை ஒத்த வேதிச் சேர்க்கை உடையது. அதிலுள்ள அலுமினியம் முழுக்க ஃபெல்ட்ஸ்பாருக்கே போய்விடுகிறது. சிலிமனைட் செய்ய மிச்சம் இல்லை. அதனால் சேர்வராயன் மலையில் சிலிமனைட்டைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் “சிலிமனைட் மண்டலத்தின் தரத்தை இது எட்டவில்லை” என்று எழுதினால் அது முற்றிலும் பிழை. சிலிமனைட்டைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் தெற்கே, சேற்றிலிருந்து உருமாறிய கோண்டலைட் பாறைகள் இருக்கும் கேரளத் தென்பகுதிக்கும் நம் தென்கோடிக்கும் போக வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் கார்னெட்டும் சிலிமனைட்டும் சேர்ந்தே கிடைப்பது, உள்நாட்டில் அப்படிப்பட்ட பாறைகள் அரிக்கப்பட்டு வந்ததால்தான்.

சிலிமனைட் இருக்கிற இடத்திலும் ஒரு கவனம் தேவை. கயனைட், ஆண்டலூசைட், சிலிமனைட் மூன்றுக்கும் வேதிச் சேர்க்கை ஒன்றே, Al₂SiO₅. எது நிலைக்கும் என்பதை வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மூன்றும் சந்திக்கும் புள்ளி சுமார் 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார். அந்த அழுத்தத்தில் 500 டிகிரியைத் தாண்டினாலே சிலிமனைட் வந்துவிடும். 8 கிலோபாரில் அதே சிலிமனைட்டுக்கு 700 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும். ஆகவே “சிலிமனைட் இருக்கிறது” என்ற ஒரு வரியிலிருந்து வெப்பநிலையைச் சொல்லிவிட முடியாது. அதோடு பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறதா, மஸ்கோவைட் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தால்தான் சொல்லுக்கு உறுதி வரும்.

சிலிமனைட்டுக்கு இடமில்லாத சேர்வராயனில் தரத்தைச் சொல்லும் கனிமம் ஆர்த்தோபைராக்சீன். பழைய பெயர் ஹைப்பர்ஸ்தீன். பயோடைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஆர்த்தோபைராக்சீனும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் ஆகும்போதும், நீருள்ள இன்னொரு கனிமமான ஹார்ன்பிளெண்டு குவார்ட்ஸோடு சேர்ந்து ஆர்த்தோ, கிளினோ என்ற இருவகைப் பைராக்சீனும் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரும் ஆகும்போதும் கடைசி நீரும் வெளியேறுகிறது. 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த மெல்லிய சீவலை நுண்ணோக்கி மேடையில் வைத்துச் சுழற்றினால், ஆர்த்தோபைராக்சீன் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு நிறம் மாறும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் பிறகு எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். இது வந்துவிட்டால் பாறை கிரானுலைட் எனப்படும் மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது என்று பொருள். சேர்வராயன் பாறைகளுக்கு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கும் நிலை, பொதுவாக 700 முதல் 800 டிகிரி, அழுத்தம் 7, 8 கிலோபார் அளவில். அதாவது இன்று நாம் குளிர்காற்றுக்காக ஏறிப் போகும் இந்த மலை, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது.

இப்போது கஞ்சமலைக் கல்லுக்கு வருவோம். கஞ்சமலையை எல்லோருக்கும் அதன் மேக்னடைட் இரும்புத் தாதுக்காகத் தெரியும். அந்த இரும்புப் பட்டைகளை ஒட்டி, பசால்ட் போன்ற சேர்க்கை கொண்ட கருப்புப் பாறைகளும் உண்டு. கார்னெட் கிடைப்பது இவற்றில்தான். அப்படிப்பட்ட ஒரு கல்லைப் படிப்படியாகப் படித்துப் பார்க்கலாம்.

முதல் வேலை, கல்லின் பூர்வீகத்தைத் தீர்மானிப்பது. கனமாக, கருப்பாக இருக்கிறது. மஸ்கோவைட் கொஞ்சமும் இல்லை. குவார்ட்ஸ் குறைவு. பைராக்சீனும் பிளாஜியோகிளேஸும்தான் பெரும்பான்மை. சேறாக இருந்திருந்தால் காக்காப்பொன்னோ அதற்குப் பதில் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரோ தாராளமாக இருக்க வேண்டும். ஆகவே இது பசால்ட் வழி வந்தது, பாரோவின் வரிசை இதற்குப் பொருந்தாது. “கார்னெட் மண்டலம்” என்ற சொல்லை இந்த இடத்திலேயே கைவிட வேண்டும்.

அடுத்து, கார்னெட்டை யார் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சுட்டுக் கனிமத்தைப் படிப்பதில் என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கம். ஒரே சமநிலையில் இருந்த கனிமங்கள் ஒன்றையொன்று நேராகத் தொடும். இடையே விளிம்புப் படலமோ அரிப்போ இருக்காது. இந்தக் கல்லில் கார்னெட்டின் பக்கத்தில் கிளினோபைராக்சீனும் பிளாஜியோகிளேஸும் குவார்ட்ஸும் இருக்கின்றன. இந்தக் கூட்டம் பசால்ட் சேர்க்கையில் உயர் அழுத்தக் கிரானுலைட்டுக்கு உரியது. ஆர்த்தோபைராக்சீனும் பிளாஜியோகிளேஸும் அழுத்தம் கூடும்போது வினைபுரிந்து கார்னெட்டும் கிளினோபைராக்சீனும் குவார்ட்ஸும் ஆகின்றன. சேற்றுப் பாறையில் 500 டிகிரியை ஒட்டி வரும் கார்னெட்டுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, சொல்லும் செய்தி வேறு. இங்கே அது ஆழத்தைப் பற்றிப் பேசுகிறது.

பிறகு கார்னெட்டின் உட்பக்கம். வளரும்போது சுற்றியிருந்த கனிமத் துணுக்குகளைக் கார்னெட் விழுங்கிக்கொள்ளும். உள்ளே ஹார்ன்பிளெண்டும் குவார்ட்ஸும் சிறு சிறு துணுக்குகளாகச் சிக்கியிருந்தால், உச்ச நிலைக்கு முன்பு இந்தக் கல் ஹார்ன்பிளெண்டு மிகுந்த, நீருள்ள ஆம்பிபோலைட் பாறையாக இருந்தது என்று தெரிகிறது. வெளியே மறைந்துபோன ஒரு பழைய கட்டம் கார்னெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கார்னெட்டின் விளிம்பும் முக்கியம். மணியைச் சுற்றி வெள்ளையும் கருப்பும் கலந்த மெல்லிய ஓரம் தெரிந்தால் கைவில்லை வைத்துப் பாருங்கள். நுண்ணோக்கியில் அது பிளாஜியோகிளேஸும் ஆர்த்தோபைராக்சீனும் விரல் விரலாகப் பின்னிக் கிடக்கும் ஓரமாக இருக்கும். முன்பு சொன்ன வினை பின்னோக்கி நடந்ததன் தடம் அது. வெப்பம் இன்னும் அதிகமாக இருக்கும்போதே அழுத்தம் குறைந்தது, அதாவது பாறை மேலே எழும்பத் தொடங்கியது என்று அது காட்டுகிறது. இந்த வினையில் நீர் சேரவும் இல்லை, போகவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் வறண்ட பாறையிலும் இது நடக்க முடிந்தது.

கடைசியாகக் குளோரைட். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? வெடிப்புகளில். அந்த வெடிப்பு கார்னெட்டை வெட்டுகிறது. கார்னெட்டைச் சுற்றிய ஓரத்தையும் வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுவது வெட்டுப்படுவதற்குப் பிந்தியது. எனவே கார்னெட்டும் பிறந்து, ஓரமும் கட்டி, பாறை நன்றாக ஆறி உடையத் தொடங்கிய பிறகு அந்த வெடிப்பு வழியே நீர் உள்ளே வந்திருக்கிறது. நீர் தொட்ட இடத்தில் மட்டும் கார்னெட்டும் பைராக்சீனும் குளோரைட்டாயின. வெடிப்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பார்த்தால் குளோரைட் இருக்காது. இது ஏறும் வழியில் வந்த குளோரைட் அல்ல, இறங்கும் வழியில் வந்தது.

ஏறும் வழிக் குளோரைட் வேறு மாதிரி இருக்கும். அது பாறை முழுவதும் பரவி, மஸ்கோவைட்டோடு ஒரே திசையில் படிந்து, பாறையைத் தகடு தகடாகப் பிளக்க வைக்கும். அதைப் பார்க்கக் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கம் போக வேண்டும். இறங்கும் வழிக் குளோரைட்டோ கார்னெட்டின் ஓரத்திலும், பயோடைட்டின் இதழ்களுக்கு இடையிலும் ஒட்டுப்போட்டு நிற்கும்; பல சமயம் பாதி பயோடைட்டாகவும் பாதி குளோரைட்டாகவும் ஒரே படிகம் இருக்கும். சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிப் போகும் பெரிய நறுக்கு மண்டலத்தில் இதை எதிர்பார்க்கலாம். பாறை அரைபட்ட இடங்களில் நீருக்கு வழி கிடைக்கும். அங்கே மட்டும் மாதிரி எடுத்துவிட்டு “சேலம் குறைந்த தர உருமாற்றப் பகுதி” என்று சொன்னால், மலை ஏறிப் பார்த்தவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு பச்சையும் இங்கே ஏமாற்றும். சேலத்துக்கு வடமேற்கே மேக்னசைட் எடுக்கும் வெள்ளைக்கல் குன்றுகளில் டியூனைட் என்ற மக்னீசியம் மிகுந்த பாறை நீர்பட்டுப் பச்சை நிறச் சர்பென்டைன் ஆகியிருக்கிறது. கைக்கு வழவழப்பாக, மிருதுவாக இருக்கும் அதைக் குளோரைட் என்று எடுத்துக்கொள்வது எளிது. அந்தக் குன்றுகளின் பாறையில் அலுமினியமே அற்பம். பாரோவின் வரிசைக்கு அங்கே வேலை இல்லை.

கார்னெட்டைப் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை. சேற்றுப் பாறையிலேயே கூட, மாங்கனீசு கூடுதலாக இருந்தால் கார்னெட் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தோன்றிவிடும். கார்னெட் மாங்கனீசை முதலில் ஆவலோடு எடுத்துக்கொள்வதால் அதன் நடுவில் மாங்கனீசு மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் இருக்கும். எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கார்னெட் மிக அதிகச் சூட்டைக் காணவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கிரானுலைட் வெப்பத்தில் நீண்ட காலம் கிடந்த கார்னெட்டில் அணுக்கள் இடம்பெயர்ந்து உட்பகுதி முழுக்க ஒரே சீராகிவிடும். ஆக ஒரே கார்னெட் கையில் இருந்தாலும், அதன் நடுப்பகுதியின் சேர்க்கை எந்தத் தரத்துக் கார்னெட் என்று காட்டிக்கொடுக்கிறது.

இரும்பும் மக்னீசியமும் கார்னெட்டுக்கும் பைராக்சீனுக்கும் எந்த விகிதத்தில் பிரிந்திருக்கின்றன என்பதை அளந்து டிகிரியில் வெப்பநிலை கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. எண் வந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாறை ஆறும்போதும் இரண்டு கனிமங்களின் ஓரங்களும் இரும்பை மாற்றிக்கொண்டே இருக்கும். ஓரத்துக்கு ஓரம் அளந்தால் கிடைப்பது உச்ச வெப்பம் அல்ல, அந்தப் பரிமாற்றம் நின்றுபோன வெப்பம். அது 100 டிகிரிக்கும் மேல் குறைவாக வரலாம். கார்னெட்டின் நடுப்பகுதியையும், கார்னெட்டைத் தொடாமல் தள்ளி நிற்கும் பைராக்சீனின் நடுப்பகுதியையும் எடுத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

தனிக் கல்லை விட்டு வட்டாரத்தைப் பார்ப்போம். கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் குளோரைட் தரம், அதற்குத் தெற்கே ஹார்ன்பிளெண்டு தரம், தமிழ்நாட்டுக்குள் வரும்போது கிரானுலைட் என்று தென்னிந்தியாவின் மேலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரிப்பில் ஆழம் ஆழமாகத் திறந்து கிடக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் சாம்பல் நிறக் கற்களில் ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும் தாராளமாக உண்டு. அங்கிருந்து தர்மபுரி, தொப்பூர் வழியே சேலம் வரை சுமார் 100 கிலோமீட்டர் வரும்போது நீருள்ள கனிமங்கள் படிப்படியாகக் குறைந்து, சேர்வராயனில் ஆர்த்தோபைராக்சீன் ஓங்கி நிற்கிறது. கணக்கிட்ட அழுத்தமும் தெற்கு நோக்கிக் கூடுகிறது. பாரோ ஸ்காட்லாந்தில் நடந்து கண்டதை இங்கே வேறு கனிமங்களோடு காணலாம்.

ஆனால் ஆர்த்தோபைராக்சீன் தோன்றும் கோட்டை வெப்பநிலைக் கோடாக மட்டும் படிக்க முடியுமா என்பதில் பெரிய வாதம் நடந்திருக்கிறது. பெங்களூருக்குத் தெற்கே கப்பால்துர்காவில், சாம்பல் நிறக் கல்லுக்குள் திட்டுத்திட்டாகவும் விரிசல்களை ஒட்டியும் சார்னகைட் இருப்பதை நிலவியலாளர் பிச்சமுத்து 1960-இல் எடுத்துக்காட்டினார். ஒரு கை அகலத்துக்குள் ஒரு பக்கம் பயோடைட், மறுபக்கம் ஆர்த்தோபைராக்சீன். அவ்வளவு குறுகிய தூரத்தில் வெப்பநிலை வித்தியாசம் இருந்திருக்க வழியே இல்லை. சார்னகைட்டின் குவார்ட்ஸுக்குள் அடைபட்ட நுண்ணிய குமிழ்களில் அடர்த்தியான கார்பன் டை ஆக்சைடு இருப்பது வேறொரு காரணத்தைச் சுட்டியது. ஆழத்திலிருந்து வந்த அந்த வாயு கலந்து நீரின் பங்கைக் குறைத்தால், அதே வெப்பத்திலேயே பயோடைட் நிலைக்க முடியாமல் ஆர்த்தோபைராக்சீனாகும். உருகிய கிரானைட் குழம்பு நீரை உறிஞ்சிக்கொண்டு போனாலும் விளைவு அதேதான். அடர்ந்த உப்புக் கரைசல்களும் இதைச் செய்யும் என்று பின்னாளில் வாதிட்டார்கள்.

எனவே திட்டுத்திட்டாக ஆர்த்தோபைராக்சீன் இருந்தால் அந்த இடத்தில் நீர் விலக்கப்பட்டது என்று படிக்க வேண்டும். வெப்பம் எவ்வளவு என்பதை அங்கே வேறு கனிமங்களைக் கொண்டு தனியாகக் கேட்க வேண்டும். சேர்வராயன் மலைத்தொகுதி முழுவதுமாக, கருப்புப் பாறைத் துண்டங்களும் சேர்ந்து, ஆர்த்தோபைராக்சீனுக்கு மாறியிருக்கிறது. அங்கே வெப்பமும் வறட்சியும் இரண்டுமே பங்கு வகித்தன என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இரண்டில் எது எவ்வளவு என்று ஆர்த்தோபைராக்சீன் தனியாகச் சொல்லாது; அதற்குக் கருப்புப் பாறைத் துண்டங்களில் கார்னெட் இருக்கும் இடங்களைத் தேடி, அதன் நடுப்பகுதியை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.